அம்மாவுக்கு சொரியாசிஸ், குழந்தைக்கு எக்ஸிமா: ஒட்டிக்கொண்டதா?

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மருமகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே முழங்கையிலும் தலையிலும் செதில் உதிரும் தடிப்பு உண்டு. கர்ப்ப காலத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் முழங்கை, முழங்கால், இடுப்பு என்று மறுபடி கிளம்பியது. அடுத்த சில வாரங்களில் குழந்தையின் இரண்டு கன்னமும் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டியது. இப்போது மாமியார் மருமகளின் தட்டு, சோப்பு, சீப்பு, துண்டு எல்லாவற்றையும் தனியாக வைத்திருக்கிறார். "அவகிட்ட இருந்துதான் புள்ளைக்கு ஒட்டிக்கிச்சு, பால் குடுக்கறத நிறுத்தச் சொல்லுங்க" என்கிறார். நாத்தனார் தன் பிள்ளைகளை அந்த அறைக்குள் விடுவதில்லை.

இப்படிப்பட்ட வீடுகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய. மாமியார் கண்ணால் கண்டதில் பொய் இல்லை. தாய்க்கு வந்தது, பிறகு குழந்தைக்கு வந்தது. ஆனால் அதிலிருந்து அவர் எட்டிய முடிவு தவறு. தாய்க்கு இருப்பது சொரியாசிஸ், குழந்தைக்கு இருப்பது எக்ஸிமா. இரண்டும் வெவ்வேறு நோய்கள், இரண்டுமே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. அப்படியானால் தொற்றியது போலவே ஏன் தோன்றுகிறது என்பதுதான் விளக்க வேண்டிய விஷயம்.

## தொற்றும் தோல் நோய்கள் எவை?

ஒரு நோய் தொற்ற வேண்டுமானால், ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போவதற்கு ஒரு கிருமி வேண்டும். தோலில் அப்படிப் பரவும் நோய்கள் உண்டு. வீட்டுப் பெரியவர்களின் பயம் அங்கிருந்துதான் வருகிறது.

1. படர்தாமரை. இது பூஞ்சையால் வருவது. இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள் போன்ற வியர்வை தங்கும் இடங்களில் வளையம் வளையமாக வரும். வளையத்தின் ஓரம் மேடாகவும் நடுப்பகுதி தெளிந்தும் இருக்கும். ஒரே துண்டு, ஒரே உள்ளாடை, சேர்த்து ஊறவைத்த துணி இவற்றின் வழியே வீட்டில் பரவும்.

2. சிரங்கு. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் துளைபோட்டு வாழ்வதால் வருவது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி அரிக்கும். ராத்திரியில் அரிப்பு கூடும். சில வாரங்களுக்குள் வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு அதே மாதிரி அரிப்பு வரும். அதனால்தான் சிரங்குக்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும் என்று சொல்வார்கள்.

சொரியாசிஸிலும் எக்ஸிமாவிலும் இப்படி இடம் மாறும் கிருமி கிடையாது. உலக சுகாதாரப் பேரவை 2014 மே மாதம் சொரியாசிஸ் பற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றி, அதைத் தொற்றாத நாள்பட்ட நோய் என்று பதிவு செய்தது.

## சொரியாசிஸில் தோலுக்குள் நடப்பது

நம் தோலின் மேல் அடுக்கு எப்போதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலே வந்து, செத்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள், எதிர்க்க எதுவும் இல்லாதபோதே தோலுக்குள் கூடி, வேகமாகப் பெருகும்படி தோல் செல்களுக்குத் தொடர்ந்து உத்தரவு கொடுக்கின்றன. ஒரு மாத வேலை நான்கைந்து நாளில் முடிகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தடிப்பாகின்றன. மேலே வெள்ளி நிறச் செதில் அடுக்கடுக்காக உதிர்கிறது.

காலையில் பாயில் கிடக்கும் அந்த வெள்ளைத் தூளைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அது செத்த தோல், நம் எல்லோருடைய உடம்பிலிருந்தும் உதிர்வதுதான். இவருக்கு அளவு அதிகம், அதனால் கண்ணில் படுகிறது. கூட்டிப் பெருக்கினால் போதும். அதை மிதித்தாலோ, அதே பாயில் படுத்தாலோ எதுவும் வராது.

இது ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது? பாதிக் காரணம் பரம்பரை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அல்லது சற்று அதிகம். அதாவது, பத்துப் பிள்ளைகளில் எட்டு ஒன்பது பேருக்கு வருவதே இல்லை. மீதிக் காரணம் தூண்டிவிடும் விஷயங்கள்: தொண்டைப் புண், மன உளைச்சல், புகை, மது, சில ரத்த அழுத்த மாத்திரைகள், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள்.

## எக்ஸிமாவில் நடப்பது வேறு

குழந்தைகளுக்கு வரும் எக்ஸிமாவை நம் ஊரில் கரப்பான் என்பார்கள். அங்கே தோல் அளவுக்கு மீறி வளர்வதில்லை. தோலின் காப்பு பலவீனமாக இருப்பதே மூலப் பிரச்சினை. கீற்றுக்குக் கீற்று சந்து விட்டு வேய்ந்த கூரை மாதிரி அது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிவிடும், வெளியே இருக்கும் சோப்பு, தூசி, வியர்வை உப்பு உள்ளே இறங்கும். அதனால் தோல் வறண்டு, அரித்து, சொறிந்து, சிவந்து, கசிகிறது. இந்தக் காப்பைக் கட்டும் புரதங்களில் ஒன்று ஃபிலாக்ரின். அதை உருவாக்கும் மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடும் என்று 2006-ல் கண்டறியப்பட்டது.

ஆகவே இதற்கும் பரம்பரை உண்டு, ஆனால் அது வேறு வழியில் வருகிறது. எக்ஸிமா உள்ள குழந்தையின் வீட்டில் விசாரித்தால் யாருக்காவது ஆஸ்துமா, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், அல்லது சின்ன வயதில் கரப்பான் இருந்திருக்கும். நம் கதையில் குழந்தையின் அப்பாவுக்குப் பள்ளி நாட்களில் வீசிங் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்குத் தெரிந்த விஷயம்தான், கன்னத்துப் புண்ணோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றியிருக்காது. பழி மருமகள் மேல் விழுந்தது. உண்மையில் குழந்தையின் தோல் பெரும்பாலும் அப்பா வழியில் வந்தது.

பெரியவர்களுக்கு இன்னொரு வகை எக்ஸிமா வரும். ஒரு பொருள் தோலில் தொடர்ந்து படுவதால் வருவது. கொத்தனார் கையில் சிமெண்டால் வருவதும், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களில் ஓட்டின் எண்ணெயால் வருவதும் இந்த வகை. ஒரே கொட்டகையில் வேலை செய்யும் நான்கு பேருக்குக் கை வெடித்திருந்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியதாகத் தோன்றும். நான்கு பேரும் தொட்டது ஒரே எண்ணெயை என்பதுதான் விஷயம்.

## பார்த்து எப்படிப் பிரித்தறிவது?

1. இடம். சொரியாசிஸ் பெரும்பாலும் உடம்பின் வெளிப்பக்கத்தில் வரும்: முழங்கை முனை, முழங்கால் சிப்பி, கீழ் முதுகு, தலை. எக்ஸிமா கைக்குழந்தைக்குக் கன்னத்தில் தொடங்கும், ஆனால் மூக்கு நுனியையும் துணி கட்டும் இடத்தையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். இரண்டு மூன்று வயதுக்கு மேல் முழங்கை மடிப்பு, முழங்கால் பின்மடிப்பு, கழுத்து என்று உள்பக்கம் போகும்.

2. ஓரம். சொரியாசிஸ் தடிப்புக்கு விளிம்பு தெளிவாக இருக்கும், எங்கே முடிகிறது என்று விரலால் தடவிச் சொல்லலாம். எக்ஸிமா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மங்கலாக இருக்கும்.

3. செதிலா, கசிவா. சொரியாசிஸ் உலர்ந்த, தடித்த செதில். எக்ஸிமா கிளம்பும்போது நீர் கசியும். நாள்பட்டால் சொறிந்த இடம் கறுத்துத் தடித்துப்போகும்.

4. அரிப்பு. சொரியாசிஸும் அரிக்கும். ஆனால் எக்ஸிமாவில் அரிப்புதான் முதல் தொல்லை. ராத்திரி குழந்தை தூங்காது, தலையணையில் கன்னத்தைத் தேய்க்கும்.

5. நகம். நகத்தில் ஊசி குத்தியது போலச் சிறு குழிகள், அடியில் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் கறை இருந்தால் சொரியாசிஸ் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை, பளிச்சென்று சிவப்பாக இருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சொரியாசிஸ் ஊதா கலந்த கருமையாகவோ சாம்பல் பூத்தோ தெரியும். ஆறிய பிறகும் மாதக்கணக்கில் கறுப்பு அல்லது வெளிறிய தடம் நிற்கும். அந்தத் தடத்தைப் பார்த்து நோய் இன்னும் போகவில்லை என்று நினைப்பதும், வெண்புள்ளி வந்துவிட்டது என்று பதறுவதும் சகஜம். தடிப்பும் செதிலும் இல்லாத தடத்துக்கு மருந்து தேவைப்படாது, அது தானாக மங்கும்.

உள்ளங்கையிலும் தலையிலும் இரண்டு நோயும் ஒரே மாதிரி இருக்கலாம். அங்கே தோல் மருத்துவரே சில சமயம் சிறு துண்டு எடுத்துச் சோதித்துத்தான் முடிவு சொல்வார். பூஞ்சையா என்ற சந்தேகத்துக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலி இல்லாத சோதனை, அன்றே பதில் தெரியும். உறவினர்களின் பயத்தைத் தீர்ப்பதிலும் இதற்கு இணை இல்லை.

## பின் ஏன் ஒட்டியது போலத் தெரிகிறது?

1. காலப் பொருத்தம். சொரியாசிஸ் உள்ள பெண்களில் பலருக்குக் கர்ப்பத்தில் தணிந்து, பிரசவமான சில மாதங்களில் மீண்டும் கிளம்பும். குழந்தைக்கு எக்ஸிமா தொடங்கும் வயதும் பெரும்பாலும் இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பருவத்தில் வந்து நிற்கும். ஒன்று மற்றொன்றைக் கொண்டுவரவில்லை.

2. ரத்த வழி. பாட்டி, மகன், பேத்தி என்று வருவதைப் பார்க்கும்போது தொட்டுத் தொட்டு வந்தது போல இருக்கும். ஆனால் ஒரே கட்டிலில் முப்பது வருஷம் படுத்த கணவனுக்கோ மனைவிக்கோ அது வருவதில்லை. தொற்றாக இருந்தால் முதலில் வர வேண்டியது அவர்களுக்குத்தான்.

3. ஒரே உடம்பில் பரவுவது. சொரியாசிஸ் உள்ளவருக்குக் கீறிய இடத்திலும், சூடு பட்ட இடத்திலும், இறுக்கமான நாடா உராய்ந்த இடத்திலும் புதிதாகத் தடிப்பு வரும். சொந்த உடம்பிலேயே பரவுகிறதே, அடுத்தவர்மேல் பரவாதா என்று கேட்பார்கள். அந்த உடம்பின் தோல் ஏற்கெனவே தயாராக இருந்ததால்தான் கீறிய இடத்தில் வந்தது. மற்றவர் தோலில் அந்தத் தயார்நிலை இல்லை.

4. தொண்டைப் புண்ணுக்குப் பின் வருவது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு தொண்டைப் புண் வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து உடம்பெல்லாம் மழைத்துளி அளவில் சொரியாசிஸ் புள்ளிகள் கிளம்புவது உண்டு. தொண்டைப் புண் பரவக்கூடியது, புள்ளிகள் பரவாது. அதே தொண்டைப் புண் தம்பிக்கு வந்தாலும் அவனுக்குப் பெரும்பாலும் காய்ச்சலோடு முடிந்துவிடும்.

இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் ஒரே துறை, ஒரே பெயர்ப்பலகை. மருமகளோடு ஜிப்மருக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ துணைக்குப் போகும் உறவினர் அப்படி ஒரு பலகையைப் படித்துவிட்டால், வீடு திரும்பும் முன்பே செய்தி தெருவுக்கு வந்துவிடும். மூன்றையும் படித்துத் தேர்வது ஒரே மருத்துவர் என்பதால் வந்த ஏற்பாடு அது. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குறைந்திருக்கும், பஞ்சால் தொட்டால் தெரியாது. சொரியாசிஸிலும் எக்ஸிமாவிலும் உணர்ச்சி முழுதாக இருக்கும். (தொழுநோயும் இன்று மாத்திரையால் முழுக்கக் குணமாகிறது, மருந்து தொடங்கியதும் பரவுவதும் விரைவில் நின்றுவிடும்.)

## ஒரே நோய் என்று நினைப்பதால் வரும் கெடுதி

தட்டைப் பிரித்து வைப்பது மருமகளின் மனத்தைக் காயப்படுத்துகிறது, அந்த உளைச்சலே சொரியாசிஸைக் கிளப்பிவிடுகிறது. அதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. "அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததுதானே, குழந்தைக்கும் அதையே தடவுவோம்" என்பது.

தாயின் முழங்கைக்கு மருத்துவர் எழுதியது க்ளோபெட்டசால் போன்ற மிக வீரியமான ஸ்டீராய்டு களிம்பாக இருக்கலாம். தடித்த தோலுக்கு அது பொருந்தும். கைக்குழந்தையின் கன்னத்தில் பூசினால் இரண்டே நாளில் சிவப்பு மறையும், வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். நிறுத்தினால் திரும்ப வரும், மறுபடி பூசுவார்கள். சில வாரங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளம் வரி வரியாகத் தெரியும். தொடர்ந்து பூசினால் மருந்து ரத்தத்தில் இறங்கி, குழந்தையின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைக் குறைத்துவிடும், வளர்ச்சி பாதிக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும், மூன்று நான்கு மருந்து கலந்த "படை" களிம்புகளிலும் பெரும்பாலும் இதே ஸ்டீராய்டு இருக்கும். படர்தாமரைக்கு அதைப் பூசினால் அரிப்பு அடங்கி, பூஞ்சை அடியில் வளர்ந்துகொண்டே போகும். வளையம் கலைந்துவிடுவதால் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகும்.

அந்தக் குழந்தைக்கு உண்மையில் செய்ய வேண்டியது எளிது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடக் குளியல். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதும் பயத்தமாவு வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காயும் முன் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ, வெறும் வாசலினோ, தூய தேங்காய் எண்ணெயோ தாராளமாகப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது. ஒரு சிறு டப்பா இரண்டு மாதம் வருகிறது என்றால் பூசுவது போதவில்லை என்று அர்த்தம். சிவந்து கிளம்பும் நாட்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதும் மிதமான களிம்பு, அவர் சொன்ன நாள் கணக்கில். சாம்பிராணிப் புகை இந்தக் குழந்தைக்கு ஆகாது, தோலையும் மூச்சையும் எரிச்சல்படுத்தும். நம் கடற்கரைக் கோடையில் வியர்வைதான் பெரிய எதிரி, எனவே மெல்லிய பருத்தித் துணியும் காற்றோட்டமும் வேண்டும்.

தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பால் வழியாகச் சொரியாசிஸ் போகாது. தாய் கவனிக்க வேண்டியவை இரண்டு. களிம்பு பூசிய கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்க வேண்டும், மார்பில் வீரியமான களிம்பைப் பூசக் கூடாது. அப்புறம், பால் கொடுப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகள் அந்தக் காலத்தில் கூடாது.

## துண்டைப் பிரிக்க வேண்டிய சமயம்

எக்ஸிமா தொற்றாது. ஆனால் சொறிந்து புண்ணான இடத்தில் பாக்டீரியா புகுந்தால் தேன் நிறப் பொருக்கும் சீழும் வரும். அந்தக் கிருமி அடுத்தவருக்குப் போகலாம். மருந்து கொடுத்து அது ஆறும்வரை துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. உதட்டில் அக்கிக் கொப்புளம் உள்ள பெரியவர் எக்ஸிமா குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. அந்த வைரஸ் பலவீனமான தோலில் வேகமாகப் பரவி, காய்ச்சலோடு கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வரும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆக, இந்த வீட்டில் தொற்றிலிருந்து காப்பாற்றப்பட வேண்டிய ஆள் குழந்தைதான், உறவினர்கள் அல்ல.

## கருவாடும் கத்திரிக்காயும்

கருவாடு, நண்டு, இறால், கத்திரிக்காய் எல்லாம் கரப்பான் பண்டம், தொடக்கூடாது என்பது நம் பக்கம் எழுதாத சட்டம். சொரியாசிஸுக்கு இவற்றை விலக்குவதால் பலன் என்று காட்ட ஆதாரம் இல்லை. எடை கூடியவர் குறைத்தால் பலன் உண்டு, மதுவையும் புகையையும் விட்டால் பலன் உண்டு. எக்ஸிமா கடுமையாக உள்ள சில கைக்குழந்தைகளுக்கு முட்டை, பால் போன்றவை ஒவ்வாமல் போகலாம். அது மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டியது. பால் கொடுக்கும் தாயை மீனும் முட்டையும் இல்லாமல் ரசச் சோற்றில் நிறுத்துவதால் அவர் உடம்புதான் இளைக்கும்.

## காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

1. காலையில் விரல் மூட்டு அரை மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் இருப்பது, ஒரு விரல் முழுவதும் வீங்குவது, குதிகால் வலி. சொரியாசிஸ் மூட்டையும் தாக்கக்கூடியது, தாமதித்தால் மூட்டு திரும்பவராத அளவுக்குச் சிதையும்.

2. உடம்பு முழுதும் சிவந்து உரிவது, குளிர் நடுக்கம், சீழ்க்கொப்புளங்கள். பெயர் எழுதாத பொட்டலப் பொடியையோ ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ எடுத்துவந்து திடீரென்று நிறுத்தியவர்களுக்கு இது வரலாம். அப்படி எதையாவது எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லி, பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

3. குழந்தையின் கன்னத்தில் மஞ்சள் பொருக்கோடு காய்ச்சல், அல்லது பால் குடிக்காமல் சோர்ந்துபோவது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தாயையும் குழந்தையையும் ஒன்றாகக் கூட்டிப்போங்கள், மாமியாரும் உடன் போகட்டும். "இது தொத்துமா?" என்று அவர் தன் வாயாலேயே கேட்கட்டும். பெரும்பாலும் மருத்துவர் கையுறை போடாத விரலால் அந்த முழங்கையைத் தடவிப் பார்த்தபடியே பதில் சொல்வார்.